மறைகுறிகளை வாசித்தல்: ஒரு திரைப்பிடிப்பும் இரண்டு (8)களும்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம் நெருங்குகையில் ஆய்வு மாணவர் குழுக்களில் ஒரே வகையான திரைப்பிடிப்புகள் வரத் தொடங்கும். ஒரு வரியில் சொற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். எடுத்துக்காட்டுகளின் எண்வரிசை நடுவில் தடம்புரண்டிருக்கும். ஓர் எண் மட்டும் காரணமின்றித் தடித்திருக்கும். படத்தின் கீழே, "வேர்ட் மறுபடியும் குழப்புகிறது, என்ன செய்வது?" என்ற கேள்வி. பதில் சொல்பவர்கள் ஊகத்தில் சொல்வார்கள். ஒருவர் வேறு கோப்பில் ஒட்டிப் பார்க்கச் சொல்வார், இன்னொருவர் பழைய வடிவில் சேமிக்கச் சொல்வார், மூன்றாமவர் எண்களைக் கையால் அடித்துவிடுவதே நிம்மதி என்பார். இவற்றுள் மூன்றாவது அறிவுரையே மிகுந்த தீங்கு செய்வது. அது ஏன் என்பதை அந்தத் திரைப்பிடிப்பைக் கொண்டே காட்ட முடியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மறைகுறிகள் தெரியும்படி எடுத்த படமாக அது இருக்கவேண்டும்.

மறைகுறிகளைக் காட்டுவதற்கு Home பட்டையில் ¶ என்ற வடிவில் ஒரு பொத்தான் இருக்கிறது. விசைப்பலகையில் Ctrl+Shift+8. அதை அழுத்தியவுடன் பக்கம் புள்ளிகளாலும் அம்புகளாலும் நிறைந்துவிடும். பலர் அஞ்சி உடனே அணைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் குறிகள் எவையும் புதிதாக வந்தவை அல்ல. தட்டச்சு செய்தவரின் ஒவ்வொரு விசை அழுத்தமும் அங்கே முன்பே இருந்தது. வெற்றிடம் ஒவ்வொன்றும் நடுவில் ஒரு புள்ளி (·), டேப் ஒவ்வொன்றும் ஓர் அம்பு (→), Enter ஒவ்வொன்றும் ஒரு ¶, Shift+Enter ஒவ்வொன்றும் வளைந்த அம்பு (↵), பிரிக்கக்கூடாத வெற்றிடம் ஒவ்வொன்றும் மேலே ஒரு சிறு வட்டம் (°). இந்த ஐந்தையும் வேறுபடுத்தத் தெரிந்தாலே பெரும்பாலான திரைப்பிடிப்புகளை வாசித்துவிடலாம். அச்சிடும்போது இவை எவையும் தாளில் வாரா.

ஒரு மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்தியில் செயப்படுபொருளோடு வினை இயைவது பற்றிய ஆய்வேட்டின் மூன்றாம் இயல். இந்தியில் இறந்தகால முற்றுநிலைச் செயப்படுபொருள் குன்றா வினையில் எழுவாய் 'நே' என்னும் உருபை ஏற்கும். அப்போது வினை எழுவாயோடு இயையாது. செயப்படுபொருள் உருபின்றி நின்றால் வினை அதனோடு இயையும். 'கோ' என்னும் உருபை ஏற்று நின்றால் வினை யாரோடும் இயையாமல் ஆண்பால் ஒருமை வடிவில் நின்றுவிடும். இந்த வேறுபாட்டை நிறுவுவதற்கு அந்தப் பக்கத்தில் நான்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. திரையில் அவற்றின் எண்கள் மேலிருந்து கீழாக (6), (7), (8), (8).

(6) ராம் நே லட்கீ தேகீ: ராம் ஒரு பெண்ணைப் பார்த்தான். லட்கீ பெண்பால், தேகீயும் பெண்பால் வடிவம்.

(7) சீதா நே கத் லிகா: சீதா ஒரு கடிதம் எழுதினாள். எழுவாய் பெண்பாலாக இருந்தும் வினை ஆண்பால், ஏனெனில் கத் ஆண்பால்.

(8) ராம் நே லட்கீ கோ தேகா: ராம் அந்தப் பெண்ணைப் பார்த்தான். 'கோ' வந்துவிட்டதால் வினை லட்கீயோடு இயையவில்லை.

(8) ராம் நே கிதாப் படீ: ராம் ஒரு புத்தகம் படித்தான். கிதாப் பெண்பால், படீயும் பெண்பால்.

அடுத்த பத்தியில் ஆய்வாளர் எழுதுகிறார்: "(8)இல் வினை செயப்படுபொருளோடு இயைவதைக் காணலாம்." இரண்டு (8)களில் ஒன்று இக்கூற்றுக்குச் சான்று, மற்றொன்று இக்கூற்றுக்கு நேர் எதிரான சான்று. புறத்தேர்வாளர் மேலிருந்து வாசித்து வருபவர் என்பதால் முதல் (8)ஐத்தான் முதலில் காண்பார். இந்தி தெரிந்தவராக இருந்தால் ஆய்வாளருக்கு அடிப்படையே தெரியவில்லை என்று எண்ணுவார். தெரியாதவராக இருந்தால் தவறான தரவை நம்பி மேற்கோள் காட்டுவார். ஆகவே அந்த எண்ணை வெறும் பக்க அழகு சார்ந்த செய்தியாகக் கருத முடியாது. வாதத்திலிருந்து தரவுக்குச் செல்லும் ஒரே பாலம் அது.

மறைகுறிகள் இல்லாத படத்தில் இரண்டு (8)களும் ஒன்றுபோலவே தெரிகின்றன. மறைகுறிகளோடு பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். (6), (7), கடைசி (8) ஆகிய மூன்றையும் அடுத்து ஓர் அம்பு இருக்கிறது. முதல் (8)ஐ அடுத்து அம்பு இல்லை, இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. யாரோ அடைப்புக்குறி, எட்டு, அடைப்புக்குறி என்று கையால் அடித்து, இருமுறை வெற்றிடம் தட்டியிருக்கிறார்கள். அம்பு மட்டுமே முடிவான சான்று ஆகாது, கையால் எண் அடித்து டேப் விசையைத் தட்டினாலும் அம்பு வரும். முடிவான சோதனை வேறு. (6) என்ற எண்ணின் மேல் சுட்டியால் ஒருமுறை சொடுக்கவேண்டும். தானாக வந்த எண்ணாக இருந்தால் அதற்குள் தட்டச்சுமுனை நுழையாது. மாறாக அந்த எண்ணும், அதே பட்டியலைச் சேர்ந்த மற்ற எண்களும் சாம்பல் நிறம் பெறும். இந்தப் பக்கத்தில் (6), (7), கடைசி (8) மூன்றும் சாம்பலாகின்றன. முதல் (8) வெள்ளையாகவே நிற்கிறது. அது எண் அன்று, எண்ணைப் போலத் தோன்றும் எழுத்து.

இங்கே நிகழ்ந்ததை மறுகட்டமைப்பது கடினம் அன்று. ஆய்வாளர் தம் பழைய கருத்தரங்கக் கட்டுரையிலிருந்து 'கோ' எடுத்துக்காட்டை வெட்டி ஒட்டியிருக்கிறார். அது தன் பழைய பட்டியலையும் உடன் கொண்டுவந்ததால், ஒட்டிய இடத்தில் (1) என்று தோன்றியிருக்கும். "வேர்ட் குழப்புகிறது" என்று எண்ணி அவர் அந்த எண்ணை நீக்கி (8) என்று கையால் அடித்திருக்கிறார். பக்கம் அப்போதைக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். பின்னர் அதன் கீழே கிதாப் எடுத்துக்காட்டைச் சேர்த்து, முறையாகத் தானியங்கி எண்ணையும் கொடுத்திருக்கிறார். மென்பொருள் தன் பட்டியலில் இதுவரை எத்தனை உறுப்புகள் என்று எண்ணிப் பார்த்தது. கையால் அடித்த (8) அதன் பட்டியலில் இல்லை. (7)க்குப் பின் வருவது (8) என்று அது சரியாகவே எண்ணியது. தவறாக எண்ணியது மென்பொருள் அன்று. எண்ணுவதற்கு அதனிடம் ஓர் உறுப்பைக் கொடுக்காமல் விட்டதே தவறு.

கோப்பின் உள்ளே பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். docx கோப்பு என்பது உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. அதைப் பிரித்தால் word/document.xml என்ற கோப்பில் உரை இருக்கும். அதில் (7) ஆம் எடுத்துக்காட்டின் பத்திப் பண்புகள், தேவையற்றவற்றை நீக்கிக் காட்டினால், இவ்வளவே:

```
<w:pPr>
  <w:numPr>
    <w:ilvl w:val="0"/>
    <w:numId w:val="5"/>
  </w:numPr>
  <w:rPr><w:b/></w:rPr>
</w:pPr>
```

இதில் ஏழு என்ற எண் எங்குமே இல்லை. "இந்தப் பத்தி 5 என்னும் அடையாளமுடைய பட்டியலின் முதல் மட்டத்தைச் சேர்ந்தது" என்ற செய்தி மட்டுமே உள்ளது. ஏழு என்பது திரையில் பக்கத்தை வரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. மொழியியலில் பயின்றவர்களுக்கு இது அந்நியமான கருத்தன்று. ஒரு சொல்லின் இடம் அச்சொல்லுக்குள் எழுதப்பட்டிருப்பதில்லை. தொடரில் அது நிற்கும் உறவால் பெறப்படுகிறது. தானியங்கி எண்ணும் அவ்வாறே உறவால் பெறப்படும் மதிப்பு. கையால் அடித்த எண்ணோ உரையின் பகுதியாகிய மூன்று வரியுருக்கள். இரண்டும் தோற்றத்தில் ஒன்று, இயல்பில் வேறு.

மேலே உள்ள துண்டின் rPr வரி இன்னொரு புதிரையும் அவிழ்க்கிறது. அந்தத் திரைப்பிடிப்பில் (7) என்ற எண் மட்டும் தடித்து நிற்கிறது. எடுத்துக்காட்டின் உரை மெல்லியதாகவே இருக்கிறது. எண்ணைத் தெரிவு செய்து மெல்லியதாக்க முயன்றால் அது தெரிவாகவே மறுக்கிறது. காரணம் எண்ணில் இல்லை. பத்தியின் கடைசியில் நிற்கும் ¶ குறியில் இருக்கிறது. எண் தன் எழுத்துத் தோற்றத்தை, அதாவது தடிப்பு, நிறம், அளவு ஆகியவற்றை, அந்தக் குறியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எப்போதோ முழுப் பத்தியையும் தடிப்பாக்கிவிட்டுப் பின்னர் சொற்களை மட்டும் மெல்லியதாக்கியிருக்கிறார்கள். ¶ விடுபட்டுப் போயிற்று. கூர்ந்து நோக்கினால் திரைப்பிடிப்பிலேயே அந்த ¶ மற்றவற்றைவிடத் தடித்திருப்பது தெரியும். ¶ஐ மட்டும் தெரிவு செய்து Ctrl+B அழுத்தினால் எண் மெலிந்துவிடும். மறைகுறிகளை அணைத்துவைத்திருப்பவருக்கு ¶ஐத் தெரிவு செய்ய வேண்டும் என்றே தோன்றாது. அவர் எண்ணோடு மணிக்கணக்கில் போராடி, இறுதியில் அதையும் கையால் அடித்துவிடுவார்.

¶ஐப் பலர் "வரி முடிந்தது" என்பதன் அடையாளமாக மட்டும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பத்தியின் பண்புகள் அனைத்தையும் தாங்கும் கொள்கலம். ஓர வரிசை, உள்தள்ளல், மேலும் கீழுமான இடைவெளி, பாணி, பட்டியல் உறுப்புரிமை எல்லாம் அதனோடு கட்டப்பட்டவை. இதனால்தான் ஒரு பத்தியை ¶ உடன் வெட்டி ஒட்டினால் அதன் எண்ணும் உள்தள்ளலும் கூடவே வருகின்றன; ¶ஐ விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் எடுத்து ஒட்டினால் அவை புதிய இடத்தின் பத்திப் பண்புகளை ஏற்கின்றன. 'கோ' எடுத்துக்காட்டை ஒட்டும்போது ¶ஐ விட்டுவிட்டிருந்தால் பழைய பட்டியல் உடன் வந்திருக்காது.

இனி இடைவெளிக்கு வரலாம். அதே பக்கத்தின் மேற்பகுதியில் இரு ஓரமும் சமன்செய்த ஒரு பத்தி இருக்கிறது. அதன் இரண்டாம் வரியில் ஐந்து சொற்களே உள்ளன; அவை வரி முழுவதும் நிரப்பும்படி இழுக்கப்பட்டு, இடையிடையே பெரும் பள்ளங்களோடு தெரிகின்றன. வரியின் கடைசியில் ↵ இருக்கிறது. சமன்செய்த பத்தியில் கடைசி வரியைத் தவிர மற்ற எல்லா வரிகளும் வலது ஓரம் வரை நீட்டப்படும். Shift+Enter வரியை முறிக்கிறதே தவிரப் பத்தியை முடிப்பதில்லை. ஆகவே ஐந்து சொற்களே இருந்தாலும் அது இடைப்பட்ட வரிதான், நீட்டப்படவேண்டிய வரிதான். அது ¶ஆக இருந்திருந்தால் கடைசி வரியாகி இயல்பான இடைவெளியோடு நின்றிருக்கும். எனவே தீர்வு அந்த முறிப்பு எதற்காக வந்தது என்பதைப் பொறுத்தது. புதிய பத்திக்காக என்றால் ↵ஐ நீக்கி Enter தட்டவேண்டும். பிடிஎஃப் ஒன்றிலிருந்தோ இணையத்திலிருந்தோ ஒட்டியதால் வந்தது என்றால் அதை நீக்கி ஒரு வெற்றிடம் இட்டால் போதும்.

இதே நோய்க்குறி வேறொரு காரணத்தாலும் வரலாம் என்பதைத் திரைப்பிடிப்பை வாசிப்பவர் நினைவில் கொள்ளவேண்டும். வரியின் கடைசியில் ↵ இல்லாமல், அடுத்த வரியின் தொடக்கத்தில் புள்ளிகளுக்குப் பதிலாக ° வரிசையாக இருந்தால், அங்கே பிரிக்கக்கூடாத வெற்றிடங்கள் உள்ளன. அவற்றால் இணைந்த சொற்கள் அனைத்தும் ஒரே நீண்ட சொல்லாக நடத்தப்பட்டு, முந்தைய வரியில் இடம் போதாமல் மொத்தமாக அடுத்த வரிக்கு இறங்கிவிடுகின்றன. மேலே மிஞ்சிய சில சொற்கள் வரியை நிரப்ப இழுக்கப்படுகின்றன. இணையப் பக்கங்களிலிருந்து மேற்கோள்களை ஒட்டும்போது இது அடிக்கடி நேரும். இரண்டு பக்கங்களும் மறைகுறிகளின்றி ஒன்றுபோலவே தோன்றும், மருந்தோ வேறு.

ஆனால் ↵ எப்போதும் குற்றவாளி என்ற முடிவுக்கும் வந்துவிடலாகாது. எடுத்துக்காட்டு (6)ஐப் பார்க்கலாம். முதல் வரியில் இந்தித் தொடர், அடுத்த வரியில் சொல்லுக்குச் சொல் இலக்கண விளக்கம், மூன்றாம் வரியில் மொழிபெயர்ப்பு. முதல் இரண்டு வரிகளின் கடைசியில் ↵, மூன்றாவதன் கடைசியில் ¶. இது சரியான பயன்பாடு. மூன்று வரிகளும் ஒரே எடுத்துக்காட்டு என்பதால் அவை ஒரே பத்தியாக இருக்கவேண்டும். ஒரே பத்தியாக இருந்தால்தான் ஓர் எண் மட்டும் வரும். அங்கே Enter தட்டியிருந்தால் இலக்கண விளக்கம் (7) ஆகியிருக்கும், மொழிபெயர்ப்பு (8) ஆகியிருக்கும். ஒரே குறி மேலே பிழை, கீழே முறை. மறைகுறிகளை வாசிப்பது என்பது குறிகளைத் தேடி அழிப்பது அன்று; ஒவ்வொரு குறியும் அந்த இடத்தில் எதைச் சொல்கிறது, ஆய்வாளர் அங்கே எதைச் சொல்ல நினைத்தார் என்ற இரண்டையும் ஒப்பிடுவது.

இலக்கண விளக்க வரியிலோ வேறொரு சிக்கல் இருக்கிறது. 'லட்கீ'க்கு நேர் கீழே அதன் விளக்கம் நிற்பதற்காக ஏழு புள்ளிகள் தொடர்ந்து கிடக்கின்றன; வெற்றிட விசையை ஏழுமுறை தட்டியிருக்கிறார்கள். ஆய்வாளரின் கணினியில் அது நேராக நிற்கும். எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் வேறு என்பதால், நெறியாளரின் கணினியில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் விளக்கம் பக்கத்துச் சொல்லின் கீழ் நகர்ந்துவிடும். பெண்பால் என்ற குறிப்பு எழுவாயின் கீழ் போய் நின்றால் இந்தி அறியாத வாசகருக்கு அந்த எடுத்துக்காட்டே வேறு பொருள் தரும். டேப் அம்புகளோ கோடுகள் மறைத்த அட்டவணையோ இருந்தால் இந்த நகர்வு நேராது. அட்டவணை என்றால் மறைகுறிகள் தெரியும் பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும் ¤ தெரியும்.

இப்போது எண்ணைத் திருத்தும் வேலை. கையால் அடித்த (8)ஐயும் அதன் இரு புள்ளிகளையும் நீக்கிவிட்டு, (6)இன் பத்தி வடிவத்தை Format Painter கொண்டு அந்தப் பத்திக்கு ஏற்றவேண்டும். ஒட்டிய எடுத்துக்காட்டில் தானியங்கி எண் இன்னும் இருந்து (1) என்று காட்டினால், அதை அழிக்காமல் வலச்சொடுக்கி Continue Numbering என்பதைத் தெரிவு செய்தால் போதும். இப்போது வரிசை (6), (7), (8), (9) என்று நேராகிவிட்டது. பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது.

"(8)இல் வினை செயப்படுபொருளோடு இயைவதைக் காணலாம்" என்ற வாக்கியத்திலுள்ள (8)ஐயும் ஆய்வாளர் கையால்தான் அடித்திருந்தார். அவர் கருதியது கிதாப் எடுத்துக்காட்டை. அது இப்போது (9). வாக்கியமோ இன்னும் (8) என்கிறது; (8) இப்போது ஐயத்திற்கு இடமின்றி 'கோ' எடுத்துக்காட்டு. திருத்தத்திற்கு முன்பு வாக்கியம் தெளிவற்றதாக இருந்தது. திருத்தத்திற்குப் பின்பு அது பொய்யாகிவிட்டது. முன்பாவது இரண்டு (8)களைக் கண்டு ஒரு கவனமான வாசகர் ஐயுற்றிருப்பார். இப்போது பக்கம் ஒழுங்காகத் தெரிவதால் ஐயுறக் காரணமே இல்லை.

வாக்கியத்தில் வரும் எண்ணும் உறவால் பெறப்படுவதாக இருந்தால் இது நேராது. References பட்டையில் Cross-reference சென்று, Numbered item என்ற வகையில் உரிய எடுத்துக்காட்டைத் தெரிவு செய்தால், அங்கே எண்ணுக்குப் பதிலாக ஒரு புலம் செருகப்படும். Alt+F9 அழுத்தினால் அது REF எனத் தொடங்கும் ஒரு கட்டளையாகத் தெரியும். எண் மாறியபின் Ctrl+A, பிறகு F9 அழுத்தினால் எல்லாக் குறிப்புகளும் புதிய எண்ணை ஏற்கும். சுட்டப்பட்ட எடுத்துக்காட்டே நீக்கப்பட்டிருந்தால் Error! Reference source not found. என்ற செய்தி தோன்றும். அச்செய்தியைக் கண்டு எரிச்சலுறுவோர் பலர். ஆனால் வாதம் ஒன்று சான்றிழந்து நிற்கிறது என்று உரக்கச் சொல்லும் எச்சரிக்கை அது. கையால் அடித்த எண் அதே நிலையில் அமைதியாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு வரம்பும் உண்டு: Ctrl+A உடற்பகுதியை மட்டுமே தெரிவு செய்யும். அடிக்குறிப்புகளில் உள்ள எண்களைப் புதுப்பிக்க, தட்டச்சுமுனையை ஓர் அடிக்குறிப்புக்குள் வைத்து மீண்டும் அதையே செய்யவேண்டும்.

திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ¶ பொத்தான் வரியுருக்களைக் காட்டும், பெரும்பாலான பண்புகளைக் காட்டாது. பத்திக்கு முன்னும் பின்னும் அமைத்த இடைவெளிக்குக் குறி ஏதும் இல்லை. ஆகவே இரண்டு பத்திகளுக்கு நடுவே வெற்று ¶ இல்லாமலேயே பெரிய இடைவெளி தெரிந்தால், காரணம் பத்திப் பண்பில் உள்ளது என்று எதிர்மறையாக ஊகிக்கவேண்டும். Shift+F1 அழுத்தித் திறக்கும் பலகத்தில் அதை உறுதிசெய்யலாம். வாக்கியத்தில் உள்ள (8) புலமா எழுத்தா என்பதையும் மறைகுறிகள் காட்டா. Options பகுதியில் Advanced என்பதன் கீழ் Field shading என்பதை Always என்று மாற்றிவைத்தால், புலங்கள் எப்போதும் சாம்பல் பின்னணியில் தெரியும். கையால் அடித்த எண்கள் வெள்ளையில் தனித்து நிற்கும். ஆய்வேட்டின் எடுத்துக்காட்டுக் குறிப்புகள் அனைத்தையும் ஒரே பார்வையில் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

இந்த வேலைகளெல்லாம் ஆய்வாளருக்கு எதற்கு, பல்கலைக்கழக வாயிலில் உள்ள தட்டச்சுக் கடையில் கொடுத்தால் முடிந்தது என்று சொல்வோர் உண்டு. அக்கடைக்காரர்களின் திறமை குறித்து ஐயமில்லை. ஓரங்களைச் சீராக்குவார்கள், இழுபட்ட வரியைச் சரிசெய்வார்கள், இரண்டாவது (8)ஐ (9) ஆக்கவும் செய்வார்கள். ஆனால் கீழேயுள்ள வாக்கியம் எந்த (8)ஐக் கருதியது என்று அவர்களால் சொல்ல முடியாது. அதற்கு 'கோ' வந்தால் இயைபு அறும் என்பது தெரிந்திருக்கவேண்டும். அந்த அறிவு உடையவர் ஆய்வாளரும் நெறியாளரும் மட்டுமே. வடிவமைப்பு என்று ஒதுக்கப்பட்ட வேலைக்குள் வாதத்தின் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது. அதைக் கூலிக்கு விட இயலாது.

லாடெக்கிற்கு மாறிவிட்டால் தொல்லை இல்லை என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை இருக்கிறது. gb4e, linguex போன்ற தொகுப்புகள் மொழியியல் எடுத்துக்காட்டுகளுக்கென்றே எழுதப்பட்டவை. அங்கே குறிகள் மறைந்திருப்பதும் இல்லை. ஆயினும் நெறியாளர் வேர்டில் திருத்தம் இட்டு அனுப்பும் துறைகளில் இந்தத் தெரிவு மாணவர் கையில் இல்லை. மேலும், \ref எழுதவேண்டிய இடத்தில் 8 என்று அடிப்பதை லாடெக்கும் தடுப்பதில்லை. பழக்கம் மாறாமல் கருவி மட்டும் மாறினால் இரண்டு (8)களும் அங்கும் வந்து சேரும்.

வேண்டியவை இரண்டு. உதவி கேட்டுத் திரைப்பிடிப்பு இடுபவர் ¶ பொத்தானை அழுத்தி, சிக்கலான எண்ணின் மேல் ஒருமுறை சொடுக்கி, அதன்பின் படம் எடுக்கட்டும். அப்படியொரு படம் இல்லாதவரை பதில் சொல்பவர் ஊகிக்காமல் அதையே கேட்கட்டும். நெறியாளர்கள் இறுதி வரைவைப் பிடிஎஃப் ஆக மட்டும் வாங்காமல், மூலக்கோப்பையும் வாங்கி, தரவு மிகுந்த ஓர் இயலையாவது மறைகுறிகளும் புல நிறமும் தெரியும்படி புரட்டிப் பார்க்கட்டும். பிடிஎஃப் ஆனபின் தானியங்கி எண்ணும் கையெண்ணும் ஒரே மையில் உறைந்துவிடும்; எது கணக்கிட்ட எண், எது அடித்த எண் என்று அதன்பிறகு தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. அந்தச் சோதனைக்கு ஓர் இயலுக்குச் சில நிமிடங்கள் போதும். வாய்மொழித் தேர்வில் "(8)இல் இயைபு எங்கே?" என்ற கேள்விக்கு நின்று விடை தேடும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது.